அரைக்கிலோ கத்திரிக்காய்: வசனமில்லாத குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

வசனமே இல்லாத குறும்படம் எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர், வழக்கமான ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பேச்சை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். அப்படி நீக்கிய பிறகு மிஞ்சுவது, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள்தாம். பின்னணியில் புல்லாங்குழல் இசை ஓடும். பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நானும் இரண்டு படங்களை அப்படித்தான் எழுதிக் கெடுத்தேன். மூன்றாவது படத்தில்தான் வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது பிடிபட்டது. ஏழு நிமிடம் ஓடும் அந்தப் படத்தின் திரைக்கதையையே உதாரணமாக வைத்து, எழுதும் வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். கேமராவும் படத்தொகுப்பும் இந்தக் கட்டுரையில் வரமாட்டா. தாளில் நடக்க வேண்டியது மட்டுமே இங்கே பேச்சு.

கதை மிகச் சிறியது. மனைவியின் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வேலூருக்கு வந்து, லாட்ஜ் அறையில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நடைபாதையில் கூடை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் கத்திரிக்காய் வாங்குகிறார். ஆறு வாரங்களில் நடப்பதை ஆறு காட்சிகளில் நாம் பார்க்கிறோம்.

முதலில், பேசாமலிருக்க ஒரு காரணம்

"இவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று பார்ப்பவர் ஒரு முறை கேட்டுவிட்டால் அதன் பிறகு அவர் கதையைப் பார்க்கமாட்டார், யார் எப்போது பேசுவார்கள் என்றே காத்திருப்பார். ஆகவே கதையைத் தேடுவதற்கு முன்பாகவே, பேச்சுக்கு இடமில்லாத சூழ்நிலை ஒன்றைத் தேடுவது நல்லது. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. குடியாத்தத்தில் விசைத்தறி ஓடும் கூடத்துக்குள் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. காட்பாடி சந்திப்பில் எதிரெதிர் நடைமேடைகளில் நிற்கும் இருவருக்கு நடுவே தண்டவாளங்கள் கிடக்கின்றன. பீடி சுற்றும் பெண் இருபத்தைந்து எண்ணிக் கட்டும்போது வாயைத் திறந்தால் கணக்கு தவறிவிடும். இப்படி இடமோ தொழிலோ தூரமோ பேச்சைத் தடுக்கும்போது, அந்த மௌனத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

புதியவர்கள் உடனே நாடும் வழி, வாய்பேசாத ஒரு பாத்திரத்தைப் படைப்பதாகும். இதைத் தவிர்க்கச் சொல்வேன். சைகைமொழி ஒரு முழு மொழி. அதில் இருவர் உரையாடினால் அதுவும் வசனமே. அந்த மொழி தெரியாத பார்வையாளரிடமிருந்து வசனத்தை மறைத்துவைத்தோம் என்பதைத் தவிர வேறெதையும் நாம் செய்திருக்கமாட்டோம்.

என் கதைக்கு நான் தேர்ந்த காரணம், இருவருக்கும் பொதுவான மொழி இல்லை என்பது. இதில் ஒரு தவறு செய்தேன். நான் எழுதிய முதல் படியில் அந்தப் பெண் லாட்ஜ் தெருவிலேயே பல காலமாகக் கடை போட்டிருப்பவள். அதைப் படித்த நண்பர் சிரித்தார். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அங்கே வியாபாரம் செய்பவர்கள் வங்காளத்திலும் இந்தியிலும் விலை பேசக் கற்றவர்கள். ஊரை அறிந்த ஒருவர் என் படத்தை முதல் நிமிடத்திலேயே நம்பாமல் போயிருப்பார். ஆகவே அந்தப் பெண்ணை அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, தன் கொல்லையில் விளைந்ததைக் கூடையில் எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் வருபவளாக மாற்றினேன். அவள் இந்தத் தெருவுக்குப் புதியவள் என்பதை முதல் காட்சியிலேயே காட்ட வேண்டியிருந்தது. அவள் கூடையை ஓரிடத்தில் இறக்குகிறாள். பக்கத்துக் கடைக்காரர் கையசைத்து அவளைத் தள்ளிப்போகச் சொல்கிறார். அவள் தள்ளி உட்காருகிறாள். பத்து விநாடிக் காரியம்தான், ஆனால் மீதிப் படம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் கண்ணுக்குத் தெரியும் வினை இருக்கட்டும்

நான் முதலில் எழுதிய வாக்கியம் இது: "அந்நிய ஊரில் ஒரு கணவன் தனிமையையும் அச்சத்தையும் எதிர்கொள்கிறான்." கேட்பதற்குக் கனமாக இருக்கிறதே தவிர, இதில் கேமராவை எங்கே வைப்பது என்பதற்கு விடையில்லை. எதிர்கொள்வது என்னும் செயல் எப்படி இருக்கும் என்று யாராலும் நடித்துக் காட்ட இயலாது. பல நாள் கழித்து வந்த இரண்டாவது வாக்கியம் இது: "காய் பொறுக்கத் தெரியாத ஒருவர், பொறுக்கித் தரும் மனைவி மருத்துவமனையில் இருக்கும் நாட்களில், தாமே பொறுக்கக் கற்றுக்கொள்கிறார்." இங்கே பொறுக்குதல் என்னும் வினை கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதவர் பொறுக்குவதற்கும் தெரிந்தவர் பொறுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கைகளை வைத்தே காட்டிவிடலாம். தனிமையும் அச்சமும் எங்கும் போய்விடவில்லை. அவை அந்தக் கைகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

வாக்கியம் சரியாக அமைந்த பிறகு, பக்கங்களில் ஒரு களையெடுப்பு நடத்த வேண்டும். சிவப்புப் பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு நினைக்கிறார், உணர்கிறார், புரிந்துகொள்கிறார், ஏங்குகிறார், தீர்மானிக்கிறார், நினைவுகூர்கிறார் என்று வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். என் முதல் படியின் மூன்று பக்கங்களில் பதினொரு வட்டங்கள் விழுந்தன. அவற்றை அகற்றும்போது வேறொரு பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "அவள் இரக்கப்படுகிறாள்" என்பதை அடித்துவிட்டு "அவள் முகத்தில் இரக்கம் தெரிகிறது" என்று எழுதினால் ஒன்றும் மாறவில்லை. எழுத்தாளர் செய்ய வேண்டிய வேலையை நடிகையின் தலையில் கட்டியிருக்கிறோம், அவ்வளவே. அவள் முன் இரண்டு வழிகள் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றை அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அந்த இடத்தை இப்படி மாற்றினேன்: தராசு சமமாகிறது, காயைப் பையில் கொட்டுகிறாள், அவர் காசை எடுக்கக் குனிந்திருக்கும்போது கூடையிலிருந்து இன்னொரு காயை எடுத்து அந்தப் பையில் போடுகிறாள். கொசுறு என்பது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம். ஆனால் அவர் கேட்காதபோதும் பார்க்காதபோதும் அவள் அதைப் போடுகிறாள் என்பதில் இரக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

பதினொன்றில் இரண்டு வட்டங்களுக்கு என்னால் மாற்றுச் செயல் காண முடியவில்லை. அந்த இரண்டு காட்சிகளையும் நீக்கிவிட்டேன். செயலாக மாற்ற முடியாத காட்சி, வசனமில்லாத படத்துக்கு உரியதன்று.

மாற்றத்தைச் சுமக்க ஒரு பொருள்

வசனப் படத்தில் "முன்பு அப்படி இருந்தேன், இப்போது இப்படி ஆகிவிட்டேன்" என்று ஒரு பாத்திரம் சொல்லிவிட முடியும். இங்கே அதைச் சொல்ல, திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருள் தேவை. முதல் முறை வரும்போது அந்தப் பொருளின் விதி பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் முறை அந்த விதியில் ஏதோ ஒன்று பிசக வேண்டும். அதன் பிறகு அது எப்போது வந்தாலும் பார்ப்பவரே ஒப்பிட்டுக்கொள்வார். முதல் முறையைத் தெளிவாக எழுதாமல் விடுவதுதான் இதில் பரவலாக நடக்கும் கோளாறு. விதி தெரியாதவருக்கு மீறல் எப்படித் தெரியும்?

என் பொருள் வேலூரின் முள்ளுக் கத்திரிக்காய். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியின் பெயரோடு சேர்ந்த இந்தக் காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. படத்துக்கு அந்தச் சிறப்பு எதற்கும் பயன்படவில்லை. காம்பை மூடியிருக்கும் பச்சைத் தொப்பியில் முள் இருக்கிறது என்பதே எனக்கு வேண்டியிருந்தது. தெரிந்தவர்கள் காயின் உடலைப் பிடித்து எடுப்பார்கள். தெரியாதவர் காம்பைப் பிடிப்பார், குத்திக்கொள்வார். ஒரு பொருளைப் பிடிப்பதற்குச் சரியான முறையும் தவறான முறையும் இருந்து, தவறினால் உடனே தண்டனையும் கிடைக்குமானால், அதைவிட நல்ல பொருள் வசனமில்லாத படத்துக்குக் கிடைக்காது.

முதல் காட்சியில் கணவர் ஒரு காயைக் காம்போடு பற்றி எடுத்து, குத்தியதும் கையை உதறுகிறார். மனைவி அந்தக் காயை உடலைப் பிடித்து எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து, திரும்பக் கூடையிலேயே போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறார். இரண்டு விதிகள் இங்கே நிறுவப்பட்டுவிட்டன: காயைப் பிடிக்கும் முறை ஒன்று, கணவர் எடுப்பதை மனைவி ஏற்பதில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதில் இலேசான சிரிப்பும் இருக்கிறது. நோயைப் பற்றிய படம் நோயோடு தொடங்கினால் இறங்குவதற்குப் படிகளே இல்லாமல் போய்விடும்; அதனால் சிரிப்பில் தொடங்கினேன்.

துணைப் பொருள்களாகத் தராசின் எடைக்கற்களும், மனைவியின் கைவளைகளும் இருக்கின்றன. வங்காளத்தில் மணமான இந்துப் பெண்கள் பலர் வெண்சங்கு வளையும் சிவப்பு வளையும் அணிவார்கள். வெள்ளையும் சிவப்புமாக இருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஏழு நிமிடத்தில் மூன்று பொருள்களுக்கு மேல் பார்ப்பவரால் பின்தொடர முடியாது. நான் வைத்திருந்த நான்காவது பொருளான தூக்குவாளியை, சமையல் காட்சியில் இருக்கும் வெறும் பாத்திரமாக இறக்கிவிட்டேன்.

பக்கத்தில் எழுதும் விதம்

காட்சித் தலைப்பில் இடமும் வேளையும் இருந்தால் போதும். அதன் கீழே நிகழ்காலத்தில் எழுதுங்கள். கேமரா ஒருமுறை பார்க்கக்கூடியது எவ்வளவோ அவ்வளவுக்கு ஒரு வரி. "குளோசப்", "டாப் ஆங்கிள்" என்றெல்லாம் எழுத வேண்டிய தேவையில்லை. "அவர் கை" என்று வரியைத் தொடங்கினாலே படிப்பவர் மனத்தில் கை பெரிதாகத் தெரியும். நான்காவது காட்சியின் நடுப்பகுதியைத் தருகிறேன்.

> காட்சி 4. நடைபாதை. காலை.
>
> அவர் வருகிறார். கையில் பழைய துணிப்பை. லுங்கி கட்டியிருக்கிறார்.
>
> அவள் அவரைப் பார்த்ததுமே அரைக்கிலோக் கல்லை எடுத்துத் தட்டில் வைக்கிறாள். கூடைப் பக்கம் கையை நீட்டுகிறாள்.
>
> அவர் கை. தட்டிலிருந்து அரைக்கிலோக் கல்லை எடுக்கிறது. சாய்ந்திருந்த தராசு சமமாகிறது.
>
> கல்லை அவளிடம் நீட்டுகிறார்.
>
> அவள் கல்லை வாங்கிக் கீழே வைக்கிறாள். இருநூறு கிராம் கல்லைத் தட்டில் வைக்கிறாள். ஐம்பது கிராம் கல்லைக் கையில் எடுக்கிறாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதையும் வைக்கிறாள்.
>
> தட்டில் இரண்டு சிறிய கற்கள். பக்கத்தில் தரையில் அரைக்கிலோக் கல்.

இருவருக்கான சமையல் ஒருவருக்கானதாகிவிட்டது என்பதே இங்கே கிடைக்கும் செய்தி. இதை எழுதுவதற்கு முன், கூடை வைத்திருக்கும் ஒருவர் அருகில் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். கால்கிலோ என்று ஒரு தனிக் கல் இருக்கும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இருநூறும் ஐம்பதும் சேர்த்துத்தான் கால்கிலோ போடுகிறார்கள். இந்தச் சிறிய உண்மை எனக்கு ஒரு கூடுதல் கணத்தைக் கொடுத்தது: இரண்டாவது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கும் கணம். செயலின் படிகளை நேரில் பார்க்காமல் எழுதுகிறவருக்கு இப்படிப்பட்ட கணங்கள் கிடைப்பதில்லை.

இந்தக் காட்சியில் யாரும் தலையாட்டவில்லை என்பதையும் கவனிக்கலாம். தலையாட்டுவது, கையை விரித்து "என்ன?" என்று கேட்பது, தோளைக் குலுக்குவது ஆகியவை ஒலி இல்லாத வசனங்கள். ஒன்றிரண்டு வந்தால் பாதகமில்லை. பக்கத்துக்கு நான்கு வந்தால் படம் ஊமைக்கூத்தாகிவிடும்.

எழுதிய காட்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நடித்தே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று திரைக்கதைக்குச் சொல்லும் பொதுக்கணக்கு இங்கே பொருந்துவதில்லை. மேலே உள்ள சில வரிகளை வீட்டுத் தராசோடு நடித்தபோது 45 விநாடி ஆயிற்று. "அவள் காத்திருக்கிறாள்" என்ற ஒற்றை வரிக்கு மட்டும் 30 விநாடி. முதல் படியை முழுவதுமாக நடித்து அளந்தபோது பதினொரு நிமிடம் வந்தது, நான் ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலமும் மற்றச் செய்திகளும்

"மூன்று வாரங்களுக்குப் பிறகு" என்று திரையில் எழுதிவிடலாமே என்று தோன்றும். மருத்துவ அறிக்கையை அருகில் காட்டிவிடலாம், கைப்பேசியில் குறுஞ்செய்தி வரவைக்கலாம் என்றும் தோன்றும். எழுத்தைப் படிக்கவைப்பது வாய்க்குப் பதிலாகக் கண்ணிடம் வசனம் சொல்வதுதான். அந்த வசதியை முழுவதுமாக மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகிய கீசக வதத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். 1910களின் பிற்பகுதியில் வந்த அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. அதில் தமிழ் உட்பட மூன்று மொழிகளில் எழுத்து அட்டைகள் இருந்தன என்பது தெரியும். மௌனப் படம் என்றாலே எழுத்தில்லாத படம் என்று பொருள் இல்லை. அட்டைகள் போதாமற்போன இடத்திலும் அவருக்கு ஒரு பெரிய துணை இருந்தது: கீசகனை வீமன் கொல்லப்போகிறான் என்பது தெருக்கூத்துப் பார்த்த அத்தனை பேருக்கும் முன்பே தெரியும். நம் லாட்ஜ் அறைக்காரருக்கு என்ன நேரப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அன்றைய மௌனப் படங்களைப் பார்த்து உத்திகளைக் கற்கும்போது, அங்கே கதைக்குக் கிடைத்திருந்த துணை நமக்கு இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காலம் கழிவதை நான் அவர் உடம்பிலேயே காட்டினேன். இரண்டாவது காட்சியில் தனியே வந்து மீண்டும் முள் குத்திக்கொள்கிறார், ஆழமாகக் குத்திவிடுகிறது. மூன்றாவது காட்சியில் அறையில் சமைக்கும்போது அந்த விரலில் புதிய பிளாஸ்திரி இருக்கிறது. நான்காவது காட்சியில் அது அழுக்கேறி ஓரம் பிரிந்திருக்கிறது. அதன் பிறகு பிளாஸ்திரி இல்லை. அதே போல, முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையும் கால்சட்டையும் ஷூவுமாக வந்தவர், நான்காவது காட்சியில் லுங்கியும் ரப்பர் செருப்புமாக வருகிறார். கடைசியில் அந்தத் தெருவில் பிறந்தவர் போலத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வருகிறார். நாட்காட்டித் தாள் கிழிவதையும் தாடி வளர்வதையும் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை. அவை எல்லாருடைய படத்திலும் இருக்கின்றன என்பதுதான் என் தயக்கம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசனம் இல்லை என்றால் ஓசை இல்லை என்று பொருளன்று. பேருந்தின் ஒலிப்பான், குக்கரின் விசில், தட்டில் கல் விழும் ஓசை ஆகியவற்றைத் திரைக்கதையிலேயே தனி வரியாக எழுதுங்கள். அரைக்கிலோக் கல்லின் கனத்த ஓசையை மூன்று முறை கேட்டுப் பழகிய காதுக்கு, ஐம்பது கிராம் கல்லின் மெல்லிய ஓசையே செய்தி. பின்னால் மனிதர்கள் பேசும் இரைச்சல் இருக்கலாம், ஆனால் ஒரு சொல்லும் தெளிவாகக் கேட்கக் கூடாது. இசையைத் திரைக்கதையில் எழுதாதீர்கள். "சோக இசை" என்று நீங்கள் எழுதும் இடத்தில்தான் ஒரு செயல் விடுபட்டிருக்கும்.

படமெடுக்கும் முன் பதினான்கு புகைப்படங்கள்

திரைக்கதையைப் படிக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்பது இந்த வகைப் படத்துக்கு அவ்வளவாகப் பயன்படாது. படிப்பவர் உங்கள் சொற்களிலிருந்து புரிந்துகொள்வார், படத்தில் அந்தச் சொற்கள் இருக்கமாட்டா. அதற்குப் பதிலாக, வீட்டில் இருப்பவர்களை நிற்கவைத்துக் காட்சிக்கு இரண்டு மூன்றாகக் கைப்பேசியில் புகைப்படங்கள் எடுத்து, கதை தெரியாத நாலு பேருக்கு வரிசையாகக் காட்டுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்க வேண்டாம். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும்; அடக்கிக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கிடைத்த விடைகள் இவை. ஒருவர், அவரிடம் பணம் தீர்ந்துவிட்டதால் கால்கிலோ வாங்குகிறார் என்றார். இன்னொருவர், கடைக்காரப் பெண்ணுக்கும் அவருக்கும் காதல் என்றார். மற்ற இருவர், நான்காவது காட்சியிலேயே மனைவி இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பணத் தவறு எளிதில் சரியாயிற்று: முதல் காட்சியில் கொடுத்தது போலவே நான்காவது காட்சியிலும் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுக்கிறார், அவள் சில்லறைக்குத் தவிக்கிறாள். காதல் தவறுக்குக் காரணம் நான் அவள் முகத்தை அடிக்கடி காட்டியது. ரஷ்யாவில் குலெஷோவ் என்னும் இயக்குநர் செய்த பழைய சோதனை ஒன்று இருக்கிறது. நடிகர் ஒருவரின் சலனமில்லாத ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒரு பெண்ணோடும் மாறிமாறி இணைத்தபோது, பார்ப்பவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்று சொல்வார்கள். முகத்துக்கு அடுத்து எதை வைக்கிறோமோ அதுவே முகத்தின் பொருளாகிறது. நான் அவள் முகத்துக்கு அடுத்து ஒவ்வொரு முறையும் அவர் முகத்தையே வைத்திருந்தேன். இப்போது அவள் முகத்துக்கு அடுத்து அவருடைய விரல் பிளாஸ்திரியோ, தரையில் கிடக்கும் அரைக்கிலோக் கல்லோ வருகிறது. காதல் போய்விட்டது.

மூன்றாவது தவறுதான் நெடுநாள் என்னை அலைக்கழித்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள் என்பது மருத்துவமனை வாசலில் காத்திருந்த எவருக்கும் தெரியும். அதை எண்ணி, கணவர் காசு எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய வளைகள் எட்டிப்பார்ப்பதாக எழுதியிருந்தேன். நம் ஊரில் மனைவியின் வளை கணவன் பையில் இருக்கிறது என்றால் அதற்கு வேறு பொருளும் இருக்கிறது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அதை அப்படியே வைத்துக்கொண்டேன். கதையின் நடுவில் பார்ப்பவர் தவறாக அஞ்சுவது கதைக்கு வலுவைத் தரும், கதை முடியும் முன் அந்த அச்சத்துக்கு விடை கிடைக்குமானால். முடிந்த பிறகும் அந்தக் குழப்பம் நீடித்தால் மட்டுமே அது எழுத்தின் பிழை.

கடைசிக் காட்சி

ஐந்தாவது காட்சியில் அவர் வருவதே இல்லை. அவள் நல்ல காய்களாகப் பொறுக்கிக் கூடையின் ஓரத்தில் வாழையிலைத் துண்டின் மேல் தனியாக வைக்கிறாள். வேறொருவர் கேட்கும்போது கையால் மறைக்கிறாள். மாலையில் அவை சுருங்கிக் கிடக்கின்றன. மறுநாளும் வைக்கிறாள். இந்தக் காட்சிதான் அவளையும் கதைக்குள் கொண்டுவருகிறது. அதுவரை அவள் விற்பவள் மட்டுமே.

ஆறாவது காட்சியில் அவர் வந்து, அவள் எடுப்பதற்கு முன் தாமே அரைக்கிலோக் கல்லைத் தட்டில் வைக்கிறார். அந்தக் கனத்த ஓசை மீண்டும் கேட்கிறது. காயின் உடலைப் பிடித்து, அழுத்திப் பார்த்து, பொறுக்குகிறார். பின்னால் ஓர் ஆட்டோ நிற்கிறது, அதில் பெட்டிகள். சட்டகத்துக்குள் ஒரு கை நீள்கிறது. மெலிந்த கை, அதில் வெள்ளையும் சிவப்புமாக வளைகள். அந்தக் கை அவர் பொறுக்கிய காயை வாங்குகிறது.

அந்தக் கை அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டு முடிவுகளை எழுதி, இரண்டையும் புகைப்படங்களாகக் காட்டிப் பார்த்தேன். முதல் முடிவில், காயை அழுத்திப் பார்த்துவிட்டு அதைப் பையில் போடுகிறது. இத்தனை நாளில் அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்பது அதன் பொருள். பார்த்தவர்கள் "நல்ல முடிவு" என்றார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில், அந்தக் கை காயை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் போடுகிறது, வேறொன்றை எடுக்கிறது. அவர் பொறுக்கியதில் குறையேதும் இல்லை என்பது நமக்கும் கடைக்காரப் பெண்ணுக்கும் தெரியும். ஆனாலும் போட்டுவிடுகிறது. இதைப் பார்த்த நால்வரில் மூவர் சிரித்தார்கள். வளையைக் கண்டு அஞ்சிய இருவரும் அந்த மூவரில் இருந்தார்கள்.

முதல் முடிவு, நான் தொடக்கத்தில் எழுதிய ஒற்றை வாக்கியத்துக்கு ஏற்றதுதான். இரண்டாவது முடிவில் மனைவி முழுதாகத் திரும்பி வந்துவிடுகிறார், அவருடைய பிடிவாதத்தோடும் சேர்த்து. இரண்டாவதையே வைத்துக்கொண்டு, வாக்கியத்தைத் திருத்தினேன்: "காய் பொறுக்கத் தெரியாத ஒருவர், மனைவி மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் பொறுக்கக் கற்றுக்கொள்கிறார், மனைவி வந்து அதைக் கூடையில் திரும்பப் போடுகிறார்." பிறகு முதல் காட்சிக்குத் திரும்பிப் போய், மனைவி காயைக் கூடையில் போடும் விதத்தை இன்னும் ஒரு வரி கூட்டி எழுதினேன்: அழுத்தும் விரல், ஒரு கணம் நிறுத்தம், மணிக்கட்டின் ஒரு திருப்பம். கடைசிக் காட்சியில் அதே வரியைச் சொல் மாறாமல் மீண்டும் எழுதியிருக்கிறேன், வளைகளின் ஓசையை மட்டும் சேர்த்து.